உடையப்பனின் கட்டைவிரல்

முப்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் வளர்ந்ததை நான் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். கொழுத்ததை அல்ல, வளர்ந்ததை. மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு வளர்ந்தான். அவன் கழற்றிப் போட்ட ஒற்றைச் சப்பாத்தில் ஏறித் துடுப்புப் போட்டால் கோலசிலாங்கூரிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் கால் நனையாமல் போய்ச் சேரலாம். அவன் குறட்டை விட்டால் மூன்று லயம் தள்ளிக் கொடியில் கிடக்கும் துணி உள்ளே வந்து வெளியே போகும்.

முப்பது வருஷமாக இதைக் கோலசிலாங்கூர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் நம்பியதில்லை. ஆனால் சிரிப்பார்கள், இன்னொரு கோப்பி வாங்கித் தருவார்கள், சப்பாத்துக் கதையை மறுபடியும் சொல்லு என்பார்கள். அமலதாஸ் மட்டும் சிரிக்க மாட்டார். அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோவிலில் எனக்கு முன் வரிசை, கடையில் எனக்கு எதிர் நாற்காலி. "அப்படி ஒண்ணும் நடக்கல ராஃபேலு. புளுகு" என்பார். கதை கட்டைவிரலுக்கு வரும் நேரத்தில் எழுந்து போய்விடுவார்.

போன வியாழக்கிழமை எழுந்து போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கெலாடி ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், டாக்டர் இல்லாத நாளில் காயம் கட்டி மருந்து கொடுப்பவன். ஆஸ்பத்திரி என்றால் பன்னிரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் அடுப்பு. நான் கையை வைத்தால் மலேரியா பயந்து ஓடியது என்று சொல்வேன். உண்மையில் கொய்னாவுக்குத்தான் பயந்தது. மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. ஒரே ஒரு கேட். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது ஒவ்வொருவரும் அடையாளக் கார்டைக் கேட்டில் கொடுக்க வேண்டும். காவல்காரன் அதை நம்பர் போட்ட மரப்பெட்டியில் செருகி வைப்பான். திரும்பி வரும்போது எடுத்துக் கொடுப்பான். தினமும் பார்க்கிற முகம்தானே? நம்பரைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான். கார்டில் இருக்கும் படத்தை ஒருவனும் பார்த்ததில்லை.

உடையப்பன் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மரத்துக்கு வலிக்குமோ என்பதுபோல் மெல்லிசாகச் சீவுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று வாக்கில் தலைவலி என்று வந்தான். ஆஸ்பிரின் கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தான். கொடுத்தேன். இரண்டு வருஷம் கொடுத்தேன். தோட்டத்தில் ஆஸ்பிரின் தட்டுப்பாடு வந்ததே அவனால்தான்.

இடையில் ஒரு நாள் மோதிரம் இறுகிவிட்டது என்று வந்தான். அரத்தால் அறுத்து எடுத்தேன். "என்னப்பா உடையப்பா, ஒன் பொண்டாட்டி கங்கா சோத்துல எருவு போடுறாளா?" என்றேன். அவன் சிரித்தான். முன்பல்லுக்கு நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி. அது எப்போது வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"கை மரத்துப் போவுது அய்யா. கத்தி பிடிக்க முடியல. மரத்தைக் காயம் பண்ணிட்டேன்னு வேலையை மேப்பாக்குற மண்டோரு ஏசுறாரு."

லயத்துப் பெண்களுக்கு வேறு குறை. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் உடையப்பன் திரும்புவதில்லையாம், பெரிய ஆள் ஆகிவிட்டானாம். தாயம்மா என்ற கிழவி வழியில் வைத்திருந்த வாளியில் அவன் தடுக்கி விழுந்து, வாளி நசுங்கி, அது ஒரு பஞ்சாயத்து.

ஐம்பத்தைந்தில் எங்கள் வட்டாரத் தோட்டங்களுக்குப் புது டாக்டர் வந்தார். டாக்டர் கான்ஸ்டன்ஸ், சென்னையில் படித்தவர். மாதம் இரண்டு முறை வருவார். முதல் வருகையில் வரிசையில் ஐந்தாவதாக உடையப்பன் நின்றான். டாக்டரம்மா நான்காவது ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"மிஸ்டர் ராஃபேல், இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி டாக்டர்?"

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

தோட்டத்துப் பால்வெட்டுக்காரனிடம் போட்டோ ஏது? கார்டில்தான் இருந்தது. கேட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். டாக்டரம்மா கார்டை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நாற்பத்தொன்பதில் பதிவுக்காரர்கள் வந்து எடுத்த படம். ஒட்டிய கன்னம், சின்ன மூக்கு, கூரான தாடை. பக்கத்தில் இருந்த முகத்தில் புருவ எலும்பு கூரை போல முன்னுக்கு வந்திருந்தது. மூக்கு அகன்றிருந்தது. உதடு தடித்து, கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நின்றது. ஆறு வருஷமாக வாரா வாரம் அவனைப் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா அவனை நேராக உட்காரவைத்து, தம் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார். விரல்கள் ஏறக்குறைய அவன் கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் "தெரியுது" என்றான். வாளி தடுக்கியதன் காரணம் அதுதான். அவனுக்கு இரண்டு ஓரமும் இருட்டு. பிறகு அவன் மூத்திரத்தை நான் நீல மருந்தில் காய்ச்சினேன். செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை.

கங்காவையும் வரச்சொல்லி, டாக்டரம்மா இருவருக்கும் சொன்னார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்பு வளர்றதுக்கான சுரப்பு அதுலேர்ந்துதான் வருது. இவருக்கு அதுல ஒரு கட்டி. சுரப்பு நிக்காம ஊறுது. சின்னப் பிள்ளைக்கு வந்தா எலும்பு முனை இன்னும் மூடியிருக்காது, நீளமா வளர்ந்துகிட்டே போகும். மெட்ராஸ்ல பதினாலு வயசுப் பையன் ஒருத்தன், கதவுல குனிஞ்சுதான் உள்ள வருவான். பெரியவங்களுக்கு எலும்பு மூடிடுது. நீளமா போக வழியில்ல. அதனால கை, கால், தாடை, நாக்கு எல்லாம் தடிக்குது. உள்ள இதயமும்தான்."

"தலைவலி நின்னுடுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் கங்கா.

"தலைவலி இருக்கட்டும். கட்டி மேல ஏறி, ரெண்டு கண்ணோட நரம்பும் சேர்ற இடத்தை அழுத்துது. முதல்ல கோலாலம்பூர்ல மண்டையை எக்ஸ்ரே எடுக்கணும். அப்புறம் சிங்கப்பூர்ல ஆழமா பாய்ற எக்ஸ்ரே வெச்சுக் கட்டியைச் சுடணும். இப்பவே போனா மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். ரெண்டு மாசம், மூணு மாசம். அதுக்கு மேல விட்டா நரம்பு செத்துடும்."

உடையப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இது என் கை இல்லையா டாக்டரம்மா?"

"உங்க கைதான். கொஞ்சம் அதிகமா இருக்கு, அவ்வளவுதான்."

அடுத்த திங்கட்கிழமை ரவாங்குக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று ஏற்பாடு. டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார். டிரஸ்ஸர் கூடப் போவதுதான் முறை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை பாகான் நக்கோடா ஓமாரில் என் அக்கா மகள் ஜெனவீவுக்குக் கல்யாணம். ஆட்டுக்கறி. "கார்டுதான் கையில இருக்கே, அப்புறம் என்ன பயம்? போய்ட்டு வா" என்று உடையப்பனின் முதுகில் தட்டி அனுப்பினேன். அந்தக் கல்யாணத்தில் நான் மூன்று ஆடு தின்றதாகச் சொல்வார்கள். நான்கு.

ரவாங்குக்கு முன்னால் சாலையை மறித்துச் சோதனை. பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் லெப்டினன்ட், பக்கத்தில் உதவிக்கு ஒரு பதிவுக் கிராணி. அந்த நாளில் காட்டுக்குள் இருந்தவர்கள் தோட்டத்து ஆட்களை மறித்துக் கார்டைப் பிடுங்குவது உண்டு. பிடுங்கிய கார்டோடு ஊருக்குள் வருவதும் உண்டு. அதனால் அங்கே படத்தைப் பார்த்தார்கள். கார்டுச் சோதனையில் உடையப்பனுக்கு அதுவரை நேராத ஒன்று அது. ஒருவன் அவன் கார்டில் இருந்த படத்தையும் அவன் முகத்தையும் சேர்த்துப் பார்த்தான்.

"இது யாரு?" என்றாராம் கிராணி.

"நான்தாங்க."

"இதுவா நீ? யாரை அடிச்சுப் போட்டுட்டு இதை எடுத்த?"

கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். வளர்ந்த மனிதன் மறுபடி வளர்கிறான் என்று அதில் எழுதியிருந்தது. கார்டு திருடனுக்கு இதைவிட வசதியான கடிதம் கிடைக்குமா என்று லெப்டினன்ட் சிரித்தாராம். பக்கத்தில் நின்ற சிப்பாய் துப்பாக்கியால் "அந்தப் பக்கம் போ" என்று காட்டியது உடையப்பனுக்குத் தெரியவில்லை. ஓரம்தான் இருட்டாயிற்றே. சொன்னதைக் கேட்காமல் நின்றான் என்று அடி விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் கங்காவை அழைத்துப் போனார்கள். நானும் போனேன். கல்யாண வேட்டியை அவிழ்த்த கையோடு போனேன்.

ஸ்டேஷனில் ஒரு மேசை. எதிரே கையில் விலங்கோடு உடையப்பன். தடித்த மணிக்கட்டுக்கு விலங்கு போதாமல் கயிறும் போட்டிருந்தார்கள். கிராணி கார்டை மேசை மேல் வைத்து, கங்காவிடம் சொன்னார்: "இந்தப் படத்தைப் பாரு. அந்த ஆளைப் பாரு. ரெண்டும் ஒருத்தனா? பாத்துட்டுச் சொல்லு."

கங்கா அந்தக் கார்டை அதுவரை பார்த்ததே இல்லை. அது பகலில் கேட்டில் இருக்கும், மற்ற நேரத்தில் அவன் இடுப்பில் இருக்கும். அவள் படத்தை எடுத்தாள். அவள் கட்டிக்கொண்ட இளைஞன் அதில் இருந்தான். அவன் எப்போது போனான் என்று அவளுக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஐயோ... இவரு இப்படியா இருந்தாரு?"

உடையப்பன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை, கோப்பிக்கடையில்கூட.

கிராணி எழுதினார்: படத்தைக் கண்டதும் பெண் அதிர்ச்சியடைந்தாள், அடையாளம் காட்டத் தயங்கினாள். பிறகு அவள் "இவருதான், இவருதான் என் புருஷன்" என்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியதை அவர் எழுதவில்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான் கத்துவார்கள் என்றார்.

அடுத்தது என் முறை. இங்கேதான் நான் என் வேலையைக் காட்டினேன்.

"சார், இந்த ஆளு வளர்ந்துட்டான். வியாதி. நான் இவனுக்கு மருந்து கொடுத்தவன். இவன் கை ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. கால் மூணு மடங்கு!"

என்னால் அளவாகச் சொல்ல முடியாது. பிறவிப் புத்தி. கிராணிக்கு என்னைத் தெரியும். அந்த வட்டாரத்துக் கோவில் திருவிழாக்களில் என் கதையைக் கேட்டிருக்கிறார். லெப்டினன்டின் காதில் ஏதோ சொன்னார். லெப்டினன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, அளந்து பாப்போம்" என்றார் கிராணி. உடையப்பனின் வலது கட்டைவிரலில் மை தடவி ஒரு தாளில் உருட்டினார். கார்டில் இருந்த பழைய ரேகைப் பதிவையும் புதியதையும் அருகருகே வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அடிக்கோலை எடுத்து, இரண்டின் அகலத்தையும் அளந்தார்.

"மிஸ்டர் ராஃபேல், ரெண்டு மடங்குன்னு சொன்னீங்க. ரெண்டு மடங்கு இல்ல. அதனால நீங்க சொன்னது பொய். இவன்தான் உடையப்பன்னா ரேகை ஒரே அளவா இருக்கணும். அதுவும் இல்ல. அதனால இவன் சொல்றதும் பொய்."

ரேகையை அளக்கக் கூடாது. எண்ண வேண்டும். மனிதன் தடித்தால் ரேகையும் அகலும். கோடுகளின் எண்ணிக்கையும் சுழியும் மாறாது. மாவில் கோலம் போட்டு மாவை இழுத்தால் கோலமும் இழுபடும், புள்ளி கூடாது அல்லவா? இதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அடிக்கோல் வைத்திருப்பவன் எதையாவது அளந்துதானே ஆக வேண்டும்?

விசாரணையில்லாமல் தடுப்புக் காவல். டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதினார். "நோயாளியின் வாக்குமூலத்தை ஆதரித்த டிரஸ்ஸர் நம்பத்தக்கவர் அல்ல" என்று ஒரு பதில் வந்தது. அதை டாக்டரம்மா என்னிடம் காட்டவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். நான் நிமிர்த்திப் படித்தேன்.

நான்காம் மாதம் முகாமில் அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். தலையை இப்படி அப்படி ஆட்டி என்னைத் தேடினான்.

"அய்யா, உங்க சட்டைப் பொத்தான் ஒண்ணு தெரியுது. அதுக்கு மேல நீங்க இருக்கீங்கன்னு நெனச்சுப் பேசுறேன்."

"இருக்கேன்பா."

"கங்கா வந்துச்சுன்னா, படத்தைப் பாத்து அழுததுக்காக ஒண்ணும் நினைக்க வேணாம்னு சொல்லுங்க. எனக்கும்தான் அவன் யாருன்னு தெரியல."

ஐந்தாம் மாதம் டாக்டரம்மா விடுப்புப் போட்டுவிட்டு, இரண்டு ரேகைகளையும் நேராகக் கோலாலம்பூருக்கு எடுத்துப் போனார். ரேகை பார்க்கவே பழகிய ஒரு வயதான ஆள், பூதக்கண்ணாடியை வைத்துச் சுழியின் நடுவிலிருந்து ஓரத்து முக்கோணம் வரை எண்ணினாராம். அதில் பதினேழு கோடு, இதில் பதினேழு கோடு. ஒரு கோடு நடுவில் அறுந்திருந்தது. இதிலும் அதே இடத்தில் அறுந்திருந்தது. "ஒரே ஆள். இதுக்கா அஞ்சு மாசம்?" என்று கேட்டாராம். பத்து நிமிஷ வேலை.

உடையப்பனை விட்டார்கள். சிங்கப்பூருக்கு நானே கூட்டிப் போனேன். ஆறு வாரம் எக்ஸ்ரே வைத்தார்கள். தலைவலி தணிந்தது. கை அதற்கு மேல் தடிக்கவில்லை. கண் வரவில்லை. நரம்பு காய்ந்து வெளுத்துவிட்டது என்றார்கள். அந்தப் பொத்தானும் போயிற்று.

அதன் பிறகு கெலாடித் தோட்டத்தில் கங்கா பால் வெட்டப் போனாள், அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் அந்தப் பெரிய கையால் அவள் முகத்தைத் தடவிப் பார்ப்பான். "ஒன் மூஞ்சியாவது மாறாம இருக்கா பாப்போம்" என்பான். நான்கு வருஷம் கழித்து இதயம் வீங்கிச் செத்தான். அவசரகாலம் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொல்வதற்கு இரண்டு வாரம் முன்பு. சவப்பெட்டியை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

போன வாரம் கங்கா செத்தாள். வியாழக்கிழமை அடக்கம் முடிந்து, முருகையாவின் லோரியில் கோலசிலாங்கூருக்குத் திரும்பினோம். லோரி ஓட்டிய முருகையா என்னையும் அமலதாசையும் விடச் சின்னவன். அவனுக்கு எங்கள் பழைய கதையெல்லாம் கோப்பிக்கடைச் சரக்குதான். அமலதாசும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. அடக்கத்தின்போது கிட்டே வரவில்லை. வெளியே மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை.

கடையில் உட்கார்ந்ததும் முருகையா ஆரம்பித்தான். "ராஃபேல் அண்ணே, அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லுங்களேன். மனசு ஒரு மாதிரியா இருக்கு."

சொன்னேன். சப்பாத்தைச் சொன்னேன், குறட்டையைச் சொன்னேன், கூட நான்கைந்து சேர்த்துக்கொண்டேன். முருகையா சிரித்தான். பிறகு ஸ்டேஷன், மேசை, கயிறு. கங்கா அழுததைச் சொல்லாமல் தாண்டினேன். கட்டைவிரலுக்கு வந்தேன். அமலதாஸ் இந்த இடத்தில் எழுந்து போவார் என்று காலை ஒதுக்கி வழிவிட்டேன். அவர் எழவில்லை. கோப்பியைத் தொடவும் இல்லை.

"கிராணி அடிக்கோலை வெச்சான் பாரு முருகையா, பழைய ரேகைக்கும் புது ரேகைக்கும் அரை இஞ்சு வித்தியாசம்! அரை இஞ்சுன்னா சும்மாவா? அந்தக் கட்டைவிரலை வெச்சு லோரியையே நிறுத்தலாம்..."

"அரை இஞ்சு இல்ல" என்றார் அமலதாஸ்.

முருகையா திரும்பினான். "அமலதாசு அண்ணே, நீங்கதான் இதெல்லாம் நடக்கவே இல்லேன்னு சொல்வீங்களே!"

அமலதாஸ் என்னைத்தான் பார்த்தார். முப்பது வருஷமாக நான் அந்தக் கிராணியின் பெயரைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. என் புளுகைத் திருத்தவும், அவர் அடிக்கோலை ஒடிக்கவும் அன்றைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. இருவரும் சேர்ந்துதான் அவன் கண்ணை எடுத்தோம். அதை எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷம் குடித்துக்கொண்டிருந்தோம்.

அவர் வலது கட்டைவிரலை மேசை மேல் வைத்தார். அதன் பக்கத்தில் இடது கையின் சுண்டுவிரல் நகத்தால் ஒரு சின்ன இடைவெளியைக் காட்டினார்.

"இஞ்சுல எட்டுல ஒரு பங்கு" என்றார். "நான்தான் அளந்தேன். அவ கத்துனதையும் கேட்டேன். எல்லாம் நடந்துச்சு ராஃபேலு."